தேய்மானத்தை முன்கூட்டிக் கழித்தால் திட்டத்தின் மதிப்பு ஏன் கூடுகிறது?

“சோலார் போடுங்க, 40 சதவீதம் தேய்மானத்துலேயே திரும்ப வந்துடும்.” திருப்பூர், கோவைப் பக்கம் தொழில் நடத்துபவர்கள் இதைப் பலமுறை கேட்டிருப்பார்கள். விற்க வருபவர் சொல்வார், பக்கத்து மில்காரர் சொல்வார், சில நேரம் கணக்குப் பார்ப்பவரே சொல்வார். இதில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் விதம் தவறு. நாற்பது சதவீதம் யாரும் திருப்பித் தருவதில்லை. அதற்காக, “எப்படிக் கழித்தாலும் மொத்தம் ஒன்றுதானே, எந்த முறையானால் என்ன?” என்று ஒதுக்கிவிடுவதும் சரியில்லை. ஒரு திட்டத்தில் பணம் போடலாமா வேண்டாமா என்ற முடிவையே தேய்மான முறை சில நேரம் மாற்றிவிடும். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒரு பனியன் கம்பெனி, கூரையில் 1 கோடி ரூபாய்க்கு சூரிய மின் அமைப்பு போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு நல்ல லாபம் வருகிறது. வருமான வரி 25 சதவீதம். (குறைந்த வரியைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கு 22 சதவீதத்தோடு சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25.168 சதவீதம் வரும். கணக்கு எளிதாக இருக்க 25 என்றே எடுத்துக்கொள்கிறேன்.)

## தேய்மானம் பணம் அல்ல

தேய்மானம் என்பது, ஒரு இயந்திரத்துக்குக் கொடுத்த விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் செலவாக எழுதுவது. எழுதுவதுதான் செலவு. அந்த ஆண்டு கையிலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை. பணம் வாங்கிய அன்றே போய்விட்டது.

ஆனால் இந்த எழுத்துச் செலவுக்கு ஒரு நிஜமான விளைவு உண்டு. வரிக்கு உட்படும் லாபத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறது. 40 லட்சம் தேய்மானம் எழுதினால் லாபம் 40 லட்சம் குறையும். அதற்குக் கட்டியிருக்க வேண்டிய வரி, 25 சதவீதம், அதாவது 10 லட்சம், கம்பெனியிலேயே தங்கும். இந்த 10 லட்சம்தான் வரிச் சேமிப்பு. “40 சதவீதம் திரும்ப வரும்” என்ற பேச்சில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். 1 கோடியில் முதல் ஆண்டு தங்குவது 10 லட்சம், 40 லட்சம் அல்ல.

அந்த 10 லட்சம் காசோலையாக வருவதும் இல்லை. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் கட்டும் முன்வரித் தவணைகள் அந்த அளவுக்குக் குறையும். அதனால்தான் பலர் அதைப் பணமாகவே கவனிப்பதில்லை.

## இரண்டு முறைகள்

நேர்க்கோட்டு முறையில் விலையை ஆண்டுகளால் சமமாக வகுத்துவிடுகிறோம். 1 கோடியைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால், ஆண்டுக்கு 10 லட்சம் தேய்மானம், 2.5 லட்சம் வரிச் சேமிப்பு. பத்து ஆண்டும் அதே தொகை.

விரைவுத் தேய்மானம் என்பது தொடக்க ஆண்டுகளில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் கழிக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் பொதுப்பெயர். இந்திய வருமான வரியில் அது குறைந்து செல் மதிப்பு முறையாக வருகிறது. மிச்சமிருக்கும் மதிப்பின் மீது ஒவ்வோர் ஆண்டும் ஒரே சதவீதம் கழிக்க வேண்டும். சூரிய மின் சாதனங்களுக்கு அந்தச் சதவீதம் 40. முதல் ஆண்டு 1 கோடியில் 40 லட்சம் போகும், மிச்சம் 60 லட்சம். இரண்டாம் ஆண்டு அந்த 60 லட்சத்தில் 40 சதவீதம், அதாவது 24 லட்சம். மூன்றாம் ஆண்டு மிச்சமுள்ள 36 லட்சத்தில் 14.4 லட்சம். இப்படியே போகும்.

இரண்டு முறையிலும் கிடைக்கும் வரிச் சேமிப்பு இதோ, லட்ச ரூபாயில்:

| ஆண்டு | நேர்க்கோடு (10 ஆண்டு) | குறைந்து செல் மதிப்பு (40%) |
|---|---|---|
| 1 | 2.50 | 10.00 |
| 2 | 2.50 | 6.00 |
| 3 | 2.50 | 3.60 |
| 4 | 2.50 | 2.16 |
| 5 | 2.50 | 1.30 |
| 6 முதல் 10 வரை | 12.50 | 1.79 |
| அதற்குப் பிறகு | 0 | 0.15 |
| மொத்தம் | 25.00 | 25.00 |

கடைசி வரியைப் பாருங்கள். இரண்டும் 25 லட்சம். 1 கோடி முழுவதையும் எப்படியும் கழித்துவிடுவோம், அதில் 25 சதவீதம் மிஞ்சும், வேறு வழியே இல்லை. ஆகவே “விரைவுத் தேய்மானத்தில் வரி அதிகமாக மிச்சமாகும்” என்று மொத்தத்தைக் குறித்துச் சொன்னால் அது தவறு. நான்காம் ஆண்டிலிருந்து நேர்க்கோட்டு முறைதான் ஆண்டுதோறும் அதிகம் தருகிறது.

வித்தியாசம் தேதியில் இருக்கிறது. முதல் மூன்று ஆண்டு முடிவில் ஒரு முறையில் 19.6 லட்சம் கைக்கு வந்திருக்கும், இன்னொன்றில் 7.5 லட்சம். அந்த 12.1 லட்சம், வரித்துறை வட்டியில்லாமல் கொடுத்துவைத்த கடன் மாதிரி கம்பெனியிடம் நிற்கிறது. பிறகு வரும் ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறது.

பத்தாம் ஆண்டு முடிவிலும் குறைந்து செல் மதிப்பில் ஏறத்தாழ 60 ஆயிரம் ரூபாய் கழிக்கப்படாமல் மிச்சம் இருக்கும். சதவீதமாகக் கழிப்பதால் அது ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. வரிக் கணக்கில் ஒரே விகிதமுள்ள ஒரே வகைச் சொத்துகளை ஒரு பிளாக்காகச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஆகவே அந்த மிச்சம் பிளாக்கில் தொடர்ந்து கரைந்துகொண்டே இருக்கும். தொகை சிறியது, நாம் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இதுவரை பார்த்தது: தேய்மானம் பணமல்ல, அதனால் குறையும் வரிதான் பணம். அந்தப் பணத்தின் மொத்தம் இரு முறையிலும் ஒன்றே. எப்போது கிடைக்கிறது என்பது மட்டும் மாறுகிறது.

## முன்னால் வருவதற்கு என்ன விலை?

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது புதிதல்ல. இருபது பேர் சேர்ந்த 1 லட்ச ரூபாய்ச் சீட்டில், இரண்டாம் மாதமே எடுக்க நினைப்பவர் 20 ஆயிரம், 25 ஆயிரம் தள்ளி எடுக்கிறார். கடைசி மாதம் வரை காத்திருப்பவர் தள்ளாமல் எடுக்கிறார். சீட்டுத் தொகை இருவருக்கும் ஒன்றுதான். முதலில் எடுப்பவர் ஏமாளி இல்லை. அந்தப் பணத்தை இப்போதே வைத்து நூல் வாங்கலாம், அதிக வட்டிக் கடனை அடைக்கலாம். காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நிதிக் கணக்கில் அந்த விலையை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். அதுதான் தள்ளுபடி விகிதம். கம்பெனி தன் பணத்தை இந்தத் திட்டத்தில் போடாமல், இதே அளவு ஆபத்துள்ள வேறிடத்தில் போட்டால் வரி போக எவ்வளவு சம்பாதிக்கும் என்பதே அதன் அளவு. நம் உதாரணத்துக்கு 10 சதவீதம். அப்படியானால் ஓராண்டு கழித்து வரும் 1.10 லட்சம் இன்றைய 1 லட்சத்துக்குச் சமம். ஈராண்டு கழித்து வருவதானால் 1.21 லட்சம் வேண்டும். பின்னால் வரும் தொகையை இப்படி 1.10 ஆல் ஆண்டுக்கு ஒருமுறை வகுத்து இன்றைக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது அதன் நிகழ்கால மதிப்பு.

மேலே உள்ள அட்டவணையை இப்படி வகுத்துப் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டின் சேமிப்பும் அந்த ஆண்டு முடிவில் வருவதாகக் கொள்கிறேன்.

நேர்க்கோட்டு முறை: முதல் ஆண்டின் 2.5 லட்சம் இன்றைக்கு 2.27 லட்சம், இரண்டாம் ஆண்டினது 2.07 லட்சம். பத்தாம் ஆண்டினது வெறும் 96 ஆயிரம். பத்தையும் கூட்டினால் 15.36 லட்சம்.

குறைந்து செல் மதிப்பு முறை: முதல் ஆண்டின் 10 லட்சம் இன்றைக்கு 9.09 லட்சம், இரண்டாம் ஆண்டின் 6 லட்சம் 4.96 லட்சம், மூன்றாம் ஆண்டின் 3.6 லட்சம் 2.70 லட்சம். எல்லாம் சேர்த்து 20 லட்சம்.

இந்த இரண்டாவதை ஆண்டு ஆண்டாகக் கூட்டாமல் ஒரே வரியிலும் கண்டுபிடிக்கலாம்:

```
நிகழ்கால மதிப்பு = விலை × வரி விகிதம் × தேய்மான விகிதம் ÷ (தேய்மான விகிதம் + தள்ளுபடி விகிதம்)
                 = 100 × 0.25 × 0.40 ÷ (0.40 + 0.10) = 20 லட்சம்
```

25 லட்சம் என்ற ஒரே மொத்தம், ஒரு முறையில் இன்றைய 20 லட்சமாகவும் இன்னொரு முறையில் 15.36 லட்சமாகவும் நிற்கிறது. இடைவெளி 4.64 லட்சம். இயந்திரம் மாறவில்லை, வெயில் மாறவில்லை, வரி விகிதம் மாறவில்லை. தேதிகள் மட்டும் மாறின.

## திட்டத்தின் முடிவு புரளும் இடம்

நிகர நிகழ்கால மதிப்பு என்பது, ஒரு திட்டத்திலிருந்து வரப்போகும் எல்லாப் பணத்தின் நிகழ்கால மதிப்பையும் கூட்டி, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது. அது பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் திட்டம் 10 சதவீதத்துக்கும் மேல் சம்பாதிக்கிறது. கீழே போனால், பணத்தை அந்த வேறிடத்திலேயே போட்டிருக்கலாம்.

பேனல்கள் 25 ஆண்டு வரை உழைக்கும். ஆனாலும் நம் கம்பெனி முதலாளி பத்து ஆண்டுக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டேன் என்கிறார். கட்டடம் மாறலாம், மின்வாரிய விதிகள் மாறலாம், ஆகவே அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பராமரிப்புச் செலவு போக, மின் கட்டணத்தில் ஆண்டுக்கு 18 லட்சம் மிச்சமாகிறது என்று வைப்போம்.

இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மின் கட்டணம் குறைந்தால் லாபம் கூடும், கூடிய லாபத்துக்கும் வரி உண்டு. 18 லட்சத்தில் 4.5 லட்சம் வரிக்குப் போகும், கையில் நிற்பது 13.5 லட்சம். தேய்மானத்தின் பலனை மட்டும் சேர்த்துக்கொண்டு இந்த வரியை விட்டுவிட்டால் கணக்கு இனிப்பாகவே வரும். விற்பனையாளர் தரும் எக்செல் தாளில் முதலில் தேட வேண்டியது இந்த வரிசையைத்தான்.

பத்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் வரும் 13.5 லட்சத்தின் நிகழ்கால மதிப்பு 82.95 லட்சம். இது தேய்மான முறையைப் பொறுத்தது அல்ல. இதோடு வரிச் சேமிப்பைச் சேர்ப்போம்:

நேர்க்கோட்டு முறை: 82.95 + 15.36 − 100 = −1.69 லட்சம்.
குறைந்து செல் மதிப்பு முறை: 82.95 + 20.00 − 100 = +2.95 லட்சம்.

ஒரு கணக்கு வேண்டாம் என்கிறது, இன்னொன்று போடலாம் என்கிறது. 4.64 லட்சம் பெரிய தொகையில்லை, 1 கோடியில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் மயிரிழையில் நிற்கும் திட்டங்களுக்கு அதுவே போதும். திட்டம் ஏற்கெனவே 30 லட்சம் மேலே நின்றாலும், 30 லட்சம் கீழே கிடந்தாலும், தேய்மான முறை எந்த முடிவையும் மாற்றாது.

பணத்தின் விலை ஏற ஏற இந்த இடைவெளி அகலும். தள்ளுபடி விகிதம் 6 சதவீதமானால் 3.34 லட்சம்தான் வித்தியாசம், 14 சதவீதமானால் 5.48 லட்சம். விகிதம் பூஜ்யமானால் வித்தியாசமும் பூஜ்யம். கடன் கிடைக்காமல் தவிக்கும் சிறு கம்பெனிக்கு விரைவுத் தேய்மானம் அதிகம் மதிப்புள்ளது என்பதற்குக் காரணம் இதுதான்.

சுருக்கமாக: மின் சேமிப்பின் மதிப்பு முறையைப் பொறுத்து மாறவில்லை. வரிச் சேமிப்பின் மதிப்பு மட்டும் மாறியது. அந்த ஒரு துண்டு திட்டத்தின் குறியையே கழித்தலிலிருந்து கூட்டலுக்கு மாற்றியது.

## காற்றாலைகள் காட்டிய பாடம்

இது தாளில் மட்டும் நடப்பதல்ல. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகும்போதும் பல்லடம், உடுமலைப் பக்கமும் கண்ணில் படும் காற்றாலைகளில் பலவற்றை மின் கம்பெனிகள் நிறுவவில்லை. நூற்பாலைகளும் பின்னலாடைக் கம்பெனிகளும் சொந்தப் பணத்தில் வாங்கியவை. அப்போது காற்றாலைக்குத் தேய்மானம் 80 சதவீதம். 1 கோடியில் முதல் ஆண்டே 80 லட்சம் லாபத்திலிருந்து கழியும். கம்பெனி வரியும் அன்று 30 சதவீதத்துக்கு மேல் இருந்தது.

2012 மார்ச் 31க்குப் பிறகு நிறுவப்படும் காற்றாலைகளுக்கு அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. 2011–12இல் நாடு முழுவதும் 3,100 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன், அடுத்த ஆண்டு சுமார் 1,700 மெகாவாட்டாக விழுந்தது. உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகையும் அதே சமயம் நின்றுபோனதால் முழுப் பழியையும் தேய்மானத்தின் மேல் போட முடியாது. 2014இல் சலுகை திரும்ப வந்தது. 2017 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 40 சதவீதம் ஆனது.

என் பார்வையில் இதில் ஒரு குறையும் உண்டு. வரிச் சேமிப்பு, காற்றாலை நிறையச் சுற்றினாலும் கொஞ்சமாகச் சுற்றினாலும் ஒரே அளவுதான் வரும். விலை கொடுத்து நிறுவி, இயக்கத் தொடங்கினால் போதும். காற்று குறைவான இடத்தில் நிறுவிய காற்றாலைக்கும் அதே தேய்மானம்தான். ஆகவே நம் சூரிய மின் உதாரணத்தில் 13.5 லட்சமாக வந்த மின் சேமிப்பைச் சரிபார்க்காமல், 20 லட்ச வரிச் சேமிப்பை மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்து.

## கணக்கு எங்கே பிசகும்?

முதலாவது, லாபம் இருக்க வேண்டும். கழிப்பதற்கு லாபம் இல்லாத ஆண்டில் தேய்மானம் வரியைக் குறைக்காது. அது வீணாகாது, அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் முன்னால் வருவதுதானே இதன் மதிப்பே? நம் கம்பெனிக்கு முதல் மூன்று ஆண்டு வரிக்குரிய லாபமே இல்லை, நான்காம் ஆண்டில் தேங்கியதையெல்லாம் கழிக்கும் அளவுக்கு லாபம் வருகிறது என்று வைத்துப் பாருங்கள். குறைந்து செல் மதிப்பு முறையில் சேமிப்பின் நிகழ்கால மதிப்பு 20 லட்சத்திலிருந்து 16.63 லட்சமாக இறங்கும். நேர்க்கோட்டு முறையில் 14.27 லட்சம். 4.64 லட்சமாக இருந்த இடைவெளி பாதியாகிவிட்டது. புதிதாகத் தொடங்கும் கம்பெனி, பக்கத்து மில்லின் கணக்கைத் தனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, எந்த மாதம் இயங்கத் தொடங்கியது என்பது. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் முதல் ஆண்டு பாதி விகிதம்தான் கிடைக்கும், 40க்குப் பதில் 20. அக்டோபர் முதல் சில நாள்களைத் தாண்டினால் இந்த வலையில் விழுந்துவிடுவோம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் நம் 20 லட்சம் 19.09 லட்சமாகும். செப்டம்பர் முடிவதற்குள் அமைப்பை இயக்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தக்காரரை எல்லோரும் விரட்டுவது இதற்காகத்தான். பில் தேதி போதாது, இயங்கத் தொடங்கிய தேதிக்கு ஆதாரம் வேண்டும்.

மூன்றாவது, இரண்டு புத்தகங்களைக் குழப்பிக்கொள்வது. கம்பெனிச் சட்டப்படி தயாரிக்கும் லாப நட்டக் கணக்கில் நேர்க்கோட்டு முறையைப் பின்பற்றலாம். வரிக் கணக்கில் வருமான வரி விதிப்படிதான் கழிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி. கணக்குப் புத்தகத்தில் முறையை மாற்றினால் அறிக்கையில் லாபம் ஏறி இறங்கித் தெரியும், கட்டும் வரி மாறாது, ஆகவே நிகர நிகழ்கால மதிப்பும் மாறாது. வரிக்கே நேர்க்கோட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மின் உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும் உண்டு. முதல் ஆண்டு வரித் தாக்கலுக்கான கெடுவுக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும், சொன்னபின் மாற்ற முடியாது.

கடைசியாக, குறைந்து செல் மதிப்பு என்றாலே விரைவானது என்ற நம்பிக்கை. சாதாரண இயந்திரங்களுக்கு வரிவிதியில் விகிதம் 15 சதவீதம்தான். மேலே உள்ள சூத்திரத்தில் 0.40க்குப் பதில் 0.15 போட்டுப் பாருங்கள்: 25 × 0.15 ÷ 0.25 = 15 லட்சம். பத்தாண்டு நேர்க்கோடு தந்த 15.36 லட்சத்தைவிட இது குறைவு. தேய்மானம் முதல் ஆண்டு 15 லட்சம், இரண்டாம் ஆண்டு 12.75 லட்சம் என்று வேகமாகத்தான் தொடங்கும். ஆனால் பத்தாம் ஆண்டு முடிவிலும் ஐந்தில் ஒரு பங்கு விலை கழிக்கப்படாமல் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். தொடக்கத்தில் கிடைத்த லாபத்தை அந்த நீண்ட வால் விழுங்கிவிடுகிறது. முறையின் பெயரை வைத்து முடிவெடுக்காமல், விகிதத்தையும் ஆண்டுகளையும் போட்டு இரண்டு நிகழ்கால மதிப்புகளையும் கண்டுபிடிக்க ஒரு கால்குலேட்டரும் பத்து நிமிடமும் போதும்.